திரிபுரத்தைக் கட்டியவனும் தேரைச் செய்தவனும்

வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் உற்சவத்தில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடக்கும். பதினேழாம் நாள் போர் வரும்போது துரியோதனன் சல்லியனிடம் போய், கர்ணனுக்குத் தேர் ஓட்டும்படி கேட்கிறான். சல்லியன் மத்திர நாட்டு அரசன். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவனுக்கு நான் தேரோட்டுவதா என்று சீறுகிறான். அவனைச் சமாதானப்படுத்தத் துரியோதனன் எடுத்துவிடும் கதைதான், அசுரரின் மூன்று கோட்டைகளைச் சிவன் ஒரே அம்பால் எரித்த திரிபுர சங்காரம். சிவனுக்கே பிரமன் தேர் ஓட்டினான், நீ கர்ணனுக்கு ஓட்டினால் என்ன குறை என்பது அவன் வாதம். வியாச பாரதத்தின் கர்ண பருவத்தில் இந்தக் கதை நீளமாகவே வருகிறது.

தேவ உலகத்துக் கைவினைஞர்களைப் பற்றிப் படிக்க வேண்டுமானால் இந்த ஒரு கதையைப் பிடித்துக்கொள்வது நல்லது. விசுவகர்மன் இலங்கையைக் கட்டினான், துவாரகையைக் கட்டினான், சூரியனைக் கடைசல் பிடித்து எட்டில் ஒரு பங்கு ஒளியைச் சீவி, அந்தச் சீவலில் சக்கரமும் சூலமும் வேலும் செய்தான் என்று புராணங்களில் பட்டியல் நீளும். ஆனால் அங்கெல்லாம் பொருள்தான் தெரியும், வேலை தெரியாது. திரிபுரக் கதையில் மட்டும் ஒரு கைவினைஞன் கட்டியதை உடைக்க இன்னொருவன் கருவி செய்கிறான். அதனால் எதற்கு என்ன அளவு, எது எதைத் தாங்கும், எங்கே முறியும் என்ற பேச்சு கதைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

இந்தக் கதையில் முதலில் வந்தது அம்பு. தேரும் இல்லை, கோட்டை கட்டிய மயனும் இல்லை. தைத்திரீய சம்ஹிதையில் உபசத் என்ற வேள்விச் சடங்கை விளக்கும் இடத்தில் அசுரர்களுக்கு மூன்று கோட்டைகள் இருந்தன என்று மட்டும் வருகிறது. அடியில் இரும்பு, நடுவில் வெள்ளி, மேலே பொன். தேவர்கள் ஓர் அம்பைக் கூட்டுகிறார்கள். அக்கினி அதன் முனை, சோமன் முனையைக் கோலோடு பிணைக்கும் பூண், விஷ்ணு கோல். உருத்திரன் எய்கிறான். அவ்வளவுதான் கதை. கோட்டையைக் கட்டியது யார் என்ற கேள்வி அங்கே எழவில்லை. பிறகு வந்தவர்கள்தான் அந்த அம்புக்கு வில்லும், வில்லாளி நிற்கத் தேரும், தேரைச் செய்ய ஒரு தச்சனும், எரிந்த கோட்டைக்கு ஒரு கொத்தனும் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள்.

கொத்தன் மயன். கர்ண பருவத்தின்படி தாரகாசுரனின் மகன்கள் மூவர்: தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி. பிரமனிடம் சாகாவரம் கேட்கிறார்கள். அது கிடையாது என்கிறான் பிரமன். உடனே அவர்கள் வரத்தை வேறு விதமாக எழுதிக் கேட்கிறார்கள். நாங்கள் மூன்று ஊர்களில் தனித்தனியாகச் சுற்றித் திரிவோம். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை மூன்றும் ஒன்றாகச் சேரும். அப்போது ஒரே அம்பால் மூன்றையும் அழிக்கக் கூடியவன் எவனோ அவன் கையில் எங்களுக்குச் சாவு வரட்டும். பிரமன் சரி என்றுவிட்டான்.

மயன் கையில் வந்த வேலைக் குறிப்பு இதுதான். தாரகாட்சனுக்கு விண்ணில் பொன் ஊர், கமலாட்சனுக்கு இடைவெளியில் வெள்ளி ஊர், வித்யுன்மாலிக்கு மண்ணில் இரும்பு ஊர். ஒவ்வொன்றும் நீளம் நூறு யோசனை, அகலம் நூறு யோசனை. யோசனைக்கு எட்டு மைல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கமே 800 மைல். மூன்றும் சக்கரத்தின் மேல் அமைந்து, நினைத்த இடத்துக்கு நகரக் கூடியவை.

இந்தக் கோட்டைகளின் வலிமை மதிலின் கனத்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதில்லை என்பதுதான் காப்பு. ஒன்றைத் தாக்கினால் மற்ற இரண்டும் மிச்சம். வரத்தின்படி ஒன்றை மட்டும் அழிக்கவும் முடியாது. ஆனால் அதே வரத்தில் பலவீனமும் எழுதிவைத்த மாதிரி இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தே தீர வேண்டும். மயன் எவ்வளவு திறமையாகக் கட்டினாலும் அதை மாற்ற அவனுக்கு அனுமதி இல்லை. மச்ச புராணம் இதை இன்னும் கூர்மையாகச் சொல்கிறது. அங்கே வரம் கேட்பதே மயன்தான். நிலவு பூச நட்சத்திரத்தோடு கூடும் வேளையில் மூன்று புரமும் சேரும் என்றும் அங்கே குறித்திருக்கிறது. அந்த நாள் நெருங்கும்போது, இன்றைக்குக் காவலைத் தளர்த்தாதீர்கள், எய்யக் கூடியவனை எய்யவிடாமல் தடுங்கள் என்று மயனே தானவர்களை எச்சரிக்கிறான். தான் கட்டியது எந்த நேரத்தில் விழும் என்று கட்டியவனுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

கோட்டைக்கு உள்ளே இன்னொரு ஏற்பாடும் இருந்தது. செத்தவர்களைப் போட்டால் முன்னைவிட வலுவோடு எழுந்து வரும் குளம். கர்ண பருவத்தில் தாரகாட்சனின் மகன் அரி தவம் செய்து அதைப் பெறுகிறான். பாகவதத்தில் மயனே அமுதக் கிணறாக அதை அமைக்கிறான். இது இருக்கும்வரை முற்றுகையால் பயன் இல்லை, ஆள்சேதம் அசுரர் பக்கம் கணக்கிலேயே சேராது. பாகவதத்தில் அதைத் தீர்க்கும் வழி வேடிக்கையானது. விஷ்ணு பசுவாகவும் பிரமன் கன்றாகவும் வந்து உச்சி வேளையில் கிணற்று அமுதம் முழுவதையும் குடித்துவிடுகிறார்கள். காவலர்கள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள், தடுக்கத் தோன்றவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று எவன் சொல்வான்? படைக்குத் தயாராக இருந்த காவல், மாட்டை எதிர்பார்க்கவில்லை.

இனி எதிர்ப் பக்கத்துப் பட்டறை. சிவன் முதலில் தேவர்களிடம், என் சக்தியில் பாதியை எடுத்துக்கொண்டு நீங்களே போய் அழியுங்கள் என்கிறார். எங்களால் அதைத் தாங்க முடியாது, எங்கள் சக்தியில் பாதிப் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். அப்படி எல்லோருடைய பாதியும் சேர்ந்த பிறகுதான் தேர் செய்யும் வேலை விசுவகர்மனிடம் வருகிறது. ஏறப்போகிறவருடைய கனம் கூடிய பிறகு தேருக்குச் சொல்கிறார்கள். பின்னால் நடப்பதற்கு இதுவே காரணம் என்று படிக்கலாம்.

கர்ண பருவம் தேரின் உறுப்புகளை வரிசையாகச் சொல்கிறது. மலையும் காடும் தீவும் சுமந்த பூமி தேரின் உடல். சூரியனும் சந்திரனும் இரண்டு சக்கரம். மந்தர மலை அச்சு. விண்மீன்கள் பக்கக் காப்பு, கோள்கள் அடிச்சட்டம். முன்னே நீளும் ஏர்க்காலுக்குத் திருதராட்டிரன் என்ற நாகம் முதலாகப் பத்து நாகத் தலைவர்கள். வானம் நுகத்தடி, ஊழிக்கால மேகங்கள் நுகத்தில் கட்டும் தோல்வார். இந்திரன், வருணன், எமன், குபேரன் நால்வரும் குதிரைகள்.

பட்டியலை ஓரமாக வைத்துவிட்டுத் தேரை மட்டும் பார்த்தால் ஒன்று பிடிபடும். இது போர்த்தேர். சக்கரம் இரண்டு, அச்சு ஒன்று. நம் ஊர்க் கோயில் தேரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் தப்பாகிவிடும். கோயில் தேருக்கு நாலு சக்கரமோ அதற்கு மேலோ இருக்கும், குறைந்தது இரண்டு அச்சு உண்டு, சுமை பகிர்ந்து நிற்கும். அச்சு திரும்பாது, அதனால்தான் வளைவில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்துத் திருப்புகிறார்கள். ஒற்றை அச்சுத் தேரில் சுமை போக இடம் இரண்டுதான். ஒன்று அச்சு, மற்றது ஏர்க்கால் வழியாகக் குதிரையின் கழுத்து. நிற்பவர் அச்சுக்கு நேர் மேலே நின்றால் குதிரைக்குப் பாரம் குறைவு. கொஞ்சம் முன்னே தள்ளி நின்றால் நுகத்தடி கழுத்தை அழுத்தும். பின்னே தள்ளினால் நுகம் மேலே தூக்கும். மாட்டு வண்டியில் மூட்டை அடுக்கியவர்களுக்கு இது புதிதல்ல.

இதைத் தெரிந்துகொண்டு கதையைப் படித்தால் அதன் வரிசை வியப்பாக இருக்கும். சிவன் ஏறியதும் முதலில் குதிரைகள் தலை தரையில் படும்படி தாழ்கின்றன. அப்புறம் அம்பிலே இருந்த விஷ்ணுவும் அக்கினியும் சோமனும், தேரிலே இருந்த பிரமனும் உருத்திரனும், வில்லும் எல்லாம் சேர்ந்த வேகம் தாங்காமல் தேரே அமுங்குகிறது. முதலில் கழுத்து, பிறகு அச்சு. குதிரை தாழ்ந்ததை வணக்கம் என்றும் சொல்லலாம். இருக்கட்டும். பாடியவனுக்குத் தேர் தெரிந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

அமுங்கிய தேருக்கு உடனே செய்யும் வழி, அடியில் நெம்பு கொடுப்பது. கதையிலும் அதுதான். விஷ்ணு அம்பிலிருந்து வெளியே வந்து, எருதாகித் தேரை அடியிலிருந்து தூக்குகிறார். சிவன் ஒரு காலை எருதின் தலையிலும் ஒரு காலைக் குதிரையின் முதுகிலும் வைத்து நின்று கோட்டையைப் பார்க்கிறார். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்ததும் குதிரைக்கு மடிக்காம்பு இல்லாமல் போனதும் அன்றிலிருந்துதான் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டுக் கதை நகர்கிறது.

தமிழ்நாட்டில் இந்த இடம் வேறு மாதிரி வளர்ந்தது. இங்கே தேர் அமுங்கவில்லை, அச்சு முறிந்தது. காரணமும் சுமை இல்லை. பிள்ளையாரைக் கும்பிடாமல் புறப்பட்டார்கள், அவர் அச்சை ஒடித்துவிட்டார். அந்த இடம் செங்கல்பட்டுப் பக்கத்து அச்சிறுபாக்கம் என்பது தலபுராணம். திருவண்ணாமலைக்காரரான அருணகிரிநாதரும் முப்புரம் எரிக்கப் போன சிவனுடைய தேரின் அச்சைப் பொடி செய்த தீரனே என்றுதான் பிள்ளையாரைக் கூப்பிடுகிறார். வடமொழிப் பாரதத்தில் இந்த முறிவு இல்லை. ஆகவே பிரசங்கத்தில் அச்சு முறிந்தால் அது தமிழ் வழி, எருது தூக்கினால் வியாசர் வழி என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் இரண்டையும் கலந்தே சொல்வார்கள்.

அச்சு முறியும் பயம் இங்கே வெறும் புராணமாக இருந்ததில்லை. மர அச்சில் ஓடிய கோயில் தேர்களில் முதலில் தேய்வது சக்கரக் குடத்தின் உள்வாயும் அதில் நுழையும் அச்சு முனையும்தான். உரசல் கூடினால் இடைவெளி விழும், சக்கரம் செங்குத்தாக நிற்காமல் சாயும், சாய்ந்த சக்கரத்தின் பாரம் முழுவதும் கடையாணிப் பக்கம் இறங்கும். வடம் பிடிப்பவர்களுக்கு அது முனகலாகக் கேட்கும். தேர் நேரே போகாமல் ஒரு பக்கம் இழுக்கும். அந்த நிலையில் மேடுபள்ளம் வந்தால் முறிவுதான். தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில் தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் இரும்பு அச்சும் வந்ததற்குக் காரணம் இதுதான். மேலே உள்ள மரவேலை பழையபடியே, அடியில் மட்டும் மாற்றம்.

இன்னொரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தேர் செய்யும் தச்சர்கள் உட்பட விசுவகர்ம மரபினர் தங்களை விசுவகர்மனின் ஐந்து பிள்ளைகள் வழி வந்தவர்களாகச் சொல்வார்கள். மனு வழியில் கொல்லர், மயன் வழியில் தச்சர், துவஷ்டா வழியில் கன்னார், சிற்பி வழியில் கல்தச்சர், விசுவக்ஞன் வழியில் பொற்கொல்லர். பாரதத்தில் கோட்டை கட்டிய மயன் அசுரர் பக்கம், தேர் செய்த விசுவகர்மன் தேவர் பக்கம், இருவரும் எதிரெதிர். தொழில் செய்கிறவர்கள் வீட்டில் மயன் விசுவகர்மனின் மகன், அதுவும் தேர்த்தச்சு அவன் வழி. அதாவது திரிபுரத்தை அழிக்கப் போன தேரின் மரபு இன்று திரிபுரத்தைக் கட்டியவன் பெயரில் இருக்கிறது. இதில் முரண்பாடு தேடுவது வீண். கதை சொல்பவன் கட்சி பார்க்கிறான், வேலைக்காரன் வேலையைப் பார்க்கிறான்.

வில்லுக்கு வருவோம். கர்ண பருவத்தில் வில் எது தெரியுமா? ஆண்டு. ஆறு பருவங்களும் கூடிய ஓர் ஆண்டுதான் வில், காளராத்திரி அதன் நாண். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் நொடியைப் பிடிக்க வேண்டிய ஆயுதத்துக்குக் காலமே வில்லாக இருப்பது அழகான பொருத்தம். ஆனால் தமிழில் அது நிலைக்கவில்லை. இங்கே வில் மலைதான், நாண் பாம்புதான். புறநானூற்றின் 55ஆம் பாட்டு ஓங்கிய மலையை வில்லாக்கி, பாம்பை நாணாக்கி, ஒரு கணையால் மூவெயிலை அழித்ததைச் சொல்கிறது. பரிபாடலின் ஐந்தாம் பாடலில் வேதம் குதிரை, வையம் தேர், பிரமன் பாகன், நாகம் நாண், மலை வில் என்று முழு அமைப்பும் வந்துவிடுகிறது. குதிரைகள் நான்கு திசைக்காவலர் அல்ல, வேதங்கள். திருவாமாத்தூரில் சம்பந்தர் பாடும்போது மலை வில், பாம்பு நாண், திருமால் அம்பு, தீ அதன் கூர், கூடவே காற்று. பட்டியலில் சோமன் போய்க் காற்று வந்துவிட்டது. அதை அம்பின் சிறகாகக் கொள்ளலாம். அம்புக்குச் சிறகு இல்லாவிட்டால் கோல் நேராகப் பறக்காது, வால் அலைந்து விலகும். மூன்று இலக்கை ஒரே கோட்டில் துளைக்க வேண்டிய அம்புக்கு வாலில் காற்று இருப்பது அந்தக் குறையை நிரப்புகிறது.

எய்யும் முறையும் கவனிக்கத்தக்கது. மூன்று புரமும் சேரும் வரை பார்த்திருந்து பிறகு வில்லை எடுத்தால் நேரம் போய்விடும். அதனால் சிவன் நாணேற்றி, அம்பைத் தொடுத்து, அதில் பாசுபத அத்திரத்தையும் சேர்த்துக்கொண்டு காத்திருக்கிறார். புரங்கள் சேர்கின்றன. அம்பு போகிறது. எரிந்த நகரங்கள் மேலைக் கடலில் விழுகின்றன. தீ உலகத்தையும் சேர்த்து எரித்துவிடாதபடி சிவனே அதை அடக்குகிறார்.

மயன் என்ன ஆனான்? மச்ச புராணத்தில் சிவனுக்கு அவன்மேல் இரக்கம். நந்தியை அனுப்பி எச்சரிக்கிறார், மயன் தன் வீட்டோடு தப்பிப் போகிறான். தமிழ்த் தேவாரத்தில் தப்புவது புரத்து அசுரர் மூவரே. திருப்புன்கூரில் சுந்தரர் அவர்களில் இருவரைச் சிவன் கோயில் வாயிலில் காவலாக நிறுத்துகிறார், ஒருவனை ஆட்டத்துக்கு முழவு கொட்ட வைக்கிறார். பாரதத்தில் மயன் மறுபடி தலைகாட்டுவது காண்டவ வனம் எரியும்போது. அர்ச்சுனன் உயிர் பிழைக்க விட்டதற்குக் கைம்மாறாகப் பதினான்கு மாதத்தில் தருமனுக்கு மண்டபம் கட்டித் தருகிறான். பிந்துசரஸ் ஏரியிலிருந்து பொருள்களைக் கொண்டுவந்து, கூடவே வீமனுக்குக் கதாயுதமும் அர்ச்சுனனுக்குத் தேவதத்தம் என்ற சங்கும் தருகிறான். அந்த மண்டபத்தில்தான் துரியோதனன் பளிங்குத் தரையைத் தண்ணீர் என்று நினைத்து உடையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். தண்ணீரைத் தரை என்று நினைத்து விழுந்தான்.

அதே துரியோதனன்தான் பதினேழாம் நாள் மயன் கட்டிய கோட்டைக் கதையைச் சல்லியனுக்குச் சொல்கிறான். அவன் அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: வீரனைவிடப் பாகன் உயர்ந்தவனாக இருக்க வேண்டும். தேவர்கள் அப்படித்தான் பிரமனைத் தேர்ந்தெடுத்தார்கள். சல்லியன் மனம் இறங்குகிறான், ஆனால் ஒரு நிபந்தனை போடுகிறான்: தேரில் இருக்கும்போது கர்ணனிடம் நான் எதை வேண்டுமானாலும் பேசுவேன். போர்க்களம் போகும் வழியெல்லாம் கர்ணனை இழித்தே பேசிக்கொண்டு வருகிறான். பிரமன் ஓட்டியபோது தேரும் பாகனும் வில்லாளியும் ஒரு வேலைக்காகச் சேர்ந்தவர்கள். இங்கே பாகன் உயர்ந்தவன்தான், ஆனால் வேலை வேறு. அந்தக் கதையில் தேர் அமுங்கிய இடமும் இருந்தது, அதைத் தூக்க ஓர் எருது வேண்டியிருந்ததும் இருந்தது. துரியோதனன் அதையும் தன் வாயால்தான் சொன்னான். அன்று மாலை கர்ணனின் சக்கரம் மண்ணில் இறங்கியபோது, அதைத் தூக்க அவனேதான் வில்லை வைத்துவிட்டுக் கீழே குதிக்க வேண்டியிருந்தது.